‘வயது 60 ஆனாலும்…’ என்ற வரியை எடுத்துவிடுங்கள்

வாசகி கேள்வி:

எனக்கு 60 வயது. ஒரு தனியார் உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, மூத்த கணக்கு அலுவலராக ஓய்வு பெற்றேன். ஒன்றரை ஆண்டு ஆகிறது. பணக்கஷ்டம் என்று இல்லை. ஆனால் சும்மா இருக்க முடியவில்லை, கையில் சொந்தமாக ஒரு வருமானம் இருந்தாலும் நல்லது. நடுத்தர நிறுவனங்களில் கணக்கர் வேலைக்கு 14 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒரே இடத்திலிருந்துதான் அழைப்பு வந்தது.

கடிதத்தில் இப்படித்தான் எழுதியிருந்தேன்: “31 ஆண்டு அனுபவம் உள்ள நான், வயது 60 ஆனாலும் இன்றும் சுறுசுறுப்பாக இருக்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. கணினி அறிவு உண்டு. சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் சம்மதம்.”

நேர்காணல் செய்த மேலாளருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. “எங்க டீம்ல எல்லாரும் சின்ன வயசு. உங்களுக்கு ஒத்துவருமா?” என்று கேட்டார். “எனக்கு எல்லாரும் என் பிள்ளைங்க மாதிரிதான்” என்றேன். சிரித்தார். அப்புறம் தகவலே இல்லை.

பயோடேட்டாவில் இருக்கும் வருடங்களை எல்லாம் எடுத்துவிட்டு, தலைக்குச் சாயமும் அடித்துக்கொள் என்கிறாள் மகள். வயதை மறைப்பதுதான் வழியா? ஓய்வுக்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

வேலைவாய்ப்பு ஆலோசகர் பதில்:

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அதனால்தான் பதில் எழுதுவதற்கு முன் அந்தச் சங்கக் கணக்கைப் பற்றி உங்களிடம் விவரம் கேட்டு வாங்கினேன். 84 வீடுகள். நீங்கள் பொறுப்பேற்றபோது எல்லாம் கையால் எழுதிய பேரேடு. அதை நீங்களே எக்செலுக்கு மாற்றியிருக்கிறீர்கள். வங்கியில் வந்த பணத்தை வீடு வாரியாக ஒப்பிட்டபோது, வேறு வீட்டின் கணக்கில் தவறாக ஏறியிருந்த 11 வரவுகளைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். முன்பு மாதக் கடைசியில் இழுத்துக்கொண்டு வந்த நிலுவைப் பட்டியல் இப்போது 5-ஆம் தேதி வெளியாகிறது. 14 மாதமாக ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

‘சொல்ல ஒன்றும் இல்லை’ என்று நீங்கள் ஒதுக்கிய இந்த வேலைதான், உங்கள் விண்ணப்பத்தின் முதல் பத்தியில் இருக்க வேண்டியது. காரணத்தை விளக்குகிறேன்.

வயதைப் பார்த்து அவர்கள் எதற்கு யோசிக்கிறார்கள்

60 என்ற எண்ணைப் பார்த்ததும் சிலர் கடிதத்தை மூடிவிடுவார்கள். அது உண்மை, அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. அந்தச் சிலரை எந்தக் கடிதத்தாலும் மாற்ற முடியாது. ஆனால் மற்றவர்கள், அதாவது ‘பார்க்கலாமே’ என்று நினைப்பவர்கள், உள்ளுக்குள் சில குறிப்பான கேள்விகளை வைத்திருப்பார்கள். இப்போதைய மென்பொருளில் இவரால் தானே வேலை செய்ய முடியுமா, இல்லை பக்கத்து இருக்கைப் பையன் செய்து கொடுக்க வேண்டுமா? தன்னைவிட இளையவர் சொல்வதைக் கேட்பாரா? மாத முடிவு நெருக்கடியைத் தாங்குவாரா? பழகிக்கொள்வதற்குள் ‘போதும்’ என்று போய்விடுவாரா? மூத்த பதவியில் இருந்தவருக்கு, சாதாரணக் கணக்கர் வேலையில் மனம் ஒட்டுமா?

இந்தக் கேள்விகளை அவர்கள் வாய்விட்டுக் கேட்பது அபூர்வம். கேட்கக் கூச்சம், சில நாடுகளில் சட்டச் சிக்கலும் உண்டு. ஆகவே கேட்காத கேள்விக்கு நீங்களாகவே பதில் தர வேண்டியிருக்கிறது. அதில்தான் உங்கள் கடிதம் தடுமாறுகிறது. ‘31 ஆண்டு அனுபவம்’ என்பது இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் பதிலாகவில்லை. முப்பது ஆண்டுக்கு முன் நீங்கள் நன்றாக வேலை செய்தீர்கள் என்பதை யாரும் சந்தேகிக்கவில்லை. அவர்கள் சந்தேகப்படுவது போன வருடத்தைப் பற்றி. அதற்குச் சான்று போன வருடத்திலிருந்துதான் வர வேண்டும்.

‘சுறுசுறுப்பாக இருக்கிறேன்’ என்ற வாக்கியத்துக்கும் இதே கதிதான். இருபத்தைந்து வயதுப் பெண் யாரும் அப்படி எழுதுவதில்லை. அதனாலேயே, இதை எழுதியவருக்கு அதில் ஏதோ ஐயம் இருக்கிறது என்று படிப்பவருக்குத் தோன்றிவிடுகிறது. ‘ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி நிலுவைப் பட்டியல் வெளியாகிறது’ என்று எழுதிப் பாருங்கள். சுறுசுறுப்பு என்ற சொல்லே அதில் இல்லை, ஆனால் அது தெரிகிறது. எழுத வேண்டியது இன்றைய தேதிகளும், நிகழ்காலத்தில் முடியும் வினைகளும்தான்: பார்க்கிறேன், அனுப்புகிறேன், சரிபார்க்கிறேன்.

உடல்நிலை பற்றிய வரியை இன்றே நீக்கிவிடுங்கள். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை என்று நீங்கள் சொல்லும் வரை அவர் அதை நினைத்தே இருக்க மாட்டார். அதோடு, அது உங்கள் சொந்த மருத்துவத் தகவல். வேலைக்கு மருத்துவத் தகுதி தேவை என்றால் அதற்கென்று பரிசோதனை வைப்பார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

‘சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் சம்மதம்’ என்பதை நீங்கள் பெருந்தன்மையாக எழுதியிருக்கிறீர்கள். எதிர்ப்பக்கத்தில் அது வேறு மாதிரி கேட்கும். ஒன்று, இவருக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை போல. இரண்டு, சம்பளம் முக்கியமில்லை என்றால் வேலையும் முக்கியமில்லை, நினைத்தால் நின்றுவிடுவார். அந்த வேலைக்குச் சந்தையில் என்ன ஊதியம் என்று விசாரித்து, கேட்டால் மட்டும் ஒரு வரம்பாகச் சொல்லுங்கள். கடைசியாக வாங்கிய சம்பளத்தை நீங்களாக எடுத்துச் சொல்லாதீர்கள். அது மூத்த அலுவலர் பதவிக்கான சம்பளம், நீங்கள் இப்போது கேட்பது வேறு வேலை.

‘கணினி அறிவு உண்டு’ என்பதற்குப் பதிலாக

இந்த மூன்று சொற்கள்தான் உங்கள் கடிதத்தில் அதிகம் கெடுதல் செய்பவை. கணினி அலுவலகத்துக்குப் புதிதாக வந்த காலத்தின் வாசகம் இது. இன்று ஒரு கணக்கர் இப்படி எழுதினால், மின்னஞ்சல் அனுப்பத் தெரியும் என்ற அளவில்தான் எடுத்துக்கொள்வார்கள். என்ன மென்பொருள், அதில் என்ன வேலை, கடைசியாக எப்போது செய்தீர்கள் என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்.

வேலையில் இருந்தபோது, எக்செலில் ஒரு பட்டியலிலிருந்து தேடி எடுக்கும் `VLOOKUP` சூத்திரம் நன்றாகப் பழக்கம், இப்போது இளையவர்கள் வேறு ஏதோ பயன்படுத்துகிறார்கள் என்று சொன்னீர்கள். அது `XLOOKUP`. மைக்ரோசாஃப்ட் 365, எக்செல் 2021 ஆகியவற்றில் இருக்கும். எக்செல் 2019-இலும் அதற்கு முந்தையவற்றிலும் இருக்காது. உங்களைப் போல ஒப்பிடும் வேலை தெரிந்தவருக்கு இதைப் பிடித்துக்கொள்ள ஓரிரு நாள் போதும், ஏனென்றால் யோசனை ஒன்றுதான். பழையதில் கடைசியாக `FALSE` போட மறந்தால், அது தோராயப் பொருத்தத்தை எடுத்துக்கொண்டு தப்பான விடையைச் சரியானது போலவே காட்டும். இந்த அடி வாங்காத கணக்கர் இருக்க முடியாது. புதியதில் எதுவும் சொல்லாவிட்டால் சரியான பொருத்தத்தை மட்டுமே தேடும். தேடும் நெடுவரிசை இடப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கணக்கர் வேலைக்கான தேர்வுகளில் அடிக்கடி வருவது இதுதான்: ஒரு தாளில் லெட்ஜர், இன்னொரு தாளில் வங்கி அறிக்கை. ஒத்துப்போகாதவற்றைக் கண்டுபிடி. இரண்டிலும் B நெடுவரிசையில் குறிப்பெண், D-இல் தொகை, வங்கி அறிக்கைத் தாளின் பெயர் `Bank` என்று வைத்துக்கொள்வோம். லெட்ஜர் தாளில் ஒரு காலி நெடுவரிசையில் இதைப் போட்டுக் கீழே இழுக்கலாம்:

```
=XLOOKUP(B2,Bank!$B$2:$B$500,Bank!$D$2:$D$500,"இல்லை")
```

வங்கியில் அந்தக் குறிப்பெண் இருந்தால் தொகை வரும், இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று வரும். வந்த தொகையை லெட்ஜர் தொகையோடு கழித்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். சூத்திரம் இவ்வளவுதான். தேர்வு வைப்பவர் கவனிப்பது இதற்கு அடுத்த கட்டத்தை. எல்லா வரியும் ‘இல்லை’ என்று வந்தால் பதறாமல், ஒரு தாளில் குறிப்பெண் எண்ணாகவும் இன்னொன்றில் எழுத்தாகவும் பதிவாகியிருக்கிறதா, பின்னால் இடைவெளி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாரா? ஒரே குறிப்பெண் இரண்டு முறை வந்தால் இந்தச் சூத்திரம் முதலில் கிடைப்பதை மட்டுமே தரும் என்று தெரிந்து, இரட்டைப் பதிவைத் தனியாகத் தேடுகிறாரா? இங்கே உங்கள் பழைய அனுபவம் முழுவதும் உதவும். இளையவர் சூத்திரத்தை வேகமாகப் போட்டுவிடுவார். விடை சந்தேகத்துக்குரியது என்று மோப்பம் பிடிப்பது பல மாத முடிவுகளைப் பார்த்தவருக்குத்தான் சீக்கிரம் வரும். (அதற்காக இதைக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். ‘இன்றைய இளைஞர்களுக்கு நிதானம் இல்லை’ என்ற தொனி வந்தால், படிப்பவரும் இளைஞராகத்தான் இருப்பார்.)

சான்றிதழ் வகுப்புகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு மாதத்தில் ஆறு சான்றிதழ் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டைக் கற்றுக்கொண்டால் போதும். ஒன்று மேலே சொன்னது. இன்னொன்று பவர் குவரி. எக்செலில் `Data` பட்டியலில் `Get Data` என்று இருக்கும். மாதாமாதம் வரும் வங்கிக் கோப்பை ஒரு முறை ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டால், அடுத்த மாதம் புதிய கோப்பை அதே பெயரில் அதே இடத்தில் போட்டு `Refresh` கொடுத்தால் போதும், அதே துப்புரவு வேலையைத் தானே செய்யும். உங்கள் சங்கக் கணக்கிலேயே இதைப் பழகலாம். தினம் ஒரு மணி நேரம் என்று வைத்தால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

பழகி முடித்ததும் அந்தக் கோப்பில் ஒரு மாதத்தை மட்டும் எடுத்து, வீட்டு எண்களையும் பெயர்களையும் தொகைகளையும் மாற்றி, மாதிரிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சங்கத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் கோப்பு எதையும் மாதிரியாகக் காட்டாதீர்கள், தகவலை மாற்றியிருந்தாலும் சரி. பழைய நிறுவனத்தின் கணக்கை வெளியில் காட்டுபவர் நாளை நம்முடையதையும் காட்டுவார் என்றுதான் தோன்றும்.

கடிதத்தைத் திருத்தி எழுதினால்

நீங்கள் அனுப்பிய விளம்பரங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பேங்க் ரீகன்சிலியேஷன், சப்ளையர் இன்வாய்ஸ், மாத முடிவுக் கணக்கு ஆகிய மூன்றும் அதில் கேட்கப்பட்டிருந்தன. உங்கள் விவரங்களை வைத்தே எழுதியிருக்கிறேன்.

> உங்கள் விளம்பரத்தில் பேங்க் ரீகன்சிலியேஷனையும் மாத முடிவுக் கணக்கையும் முதன்மைப் பணிகளாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நான் இப்போதும் மாதந்தோறும் செய்துவருகிறேன்.
>
> கடந்த 14 மாதங்களாக 84 வீடுகள் கொண்ட குடியிருப்புச் சங்கத்தின் கணக்கைக் கவனிக்கிறேன். கையெழுத்துப் பேரேட்டை எக்செலுக்கு மாற்றினேன். வங்கி வரவுகளை வீடு வாரியாக ஒப்பிட்டதில், வேறு கணக்கில் தவறாக ஏறியிருந்த 11 வரவுகளைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். முன்பு மாதக் கடைசியில் வந்த நிலுவைப் பட்டியலை இப்போது ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வெளியிடுகிறேன். பெயர்களை மாற்றிய மாதிரிக் கோப்பை இணைத்துள்ளேன்.
>
> இதற்கு முன் உற்பத்தி நிறுவனம் ஒன்றில் மூத்த கணக்கு அலுவலராக இருந்தேன். சப்ளையர் இன்வாய்ஸ்களும் மாத முடிவுக் கணக்கும் என் பொறுப்பு. பழைய கணக்கு மென்பொருளிலிருந்து புதியதற்கு நிறுவனம் மாறியபோது, தொடக்க இருப்புகளைச் சரிபார்த்து ஒப்படைத்தது நான்.
>
> பணி ஓய்வுக்குப் பிறகு, குழுவை நடத்தும் பொறுப்பை அல்ல, கணக்கை நேரடியாகப் பார்க்கும் வேலையையே தேடுகிறேன். வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வர முடியும், மாத முடிவு நாட்களில் கூடுதல் நேரமும் இருக்க முடியும். குறைந்தது மூன்று ஆண்டுகள் பணியாற்றும் எண்ணத்தில் விண்ணப்பிக்கிறேன்.

மொத்தம் நான்கு பத்திகள். ஒரு பக்கத்துக்குள் அடங்கும். இதில் நான் என்ன செய்தேன் என்று பார்த்தால், உங்களைப் பற்றி இல்லாததை ஒன்றும் சேர்க்கவில்லை. வரிசையைத்தான் மாற்றினேன். முதல் பத்தி அவர்களுடைய தேவை, இரண்டாவது போன வருடம், மூன்றாவதில்தான் பழைய நிறுவனம். அதிலும் 31 ஆண்டுகளைச் சுருட்டிவிட்டு மென்பொருள் மாற்றத்தை மட்டும் எடுத்தேன். புதியதற்குப் பழகிக்கொள்வாரா என்ற கேள்விக்கு, ஏற்கெனவே பழகிக்கொண்ட ஒரு நிகழ்ச்சியைவிட நல்ல பதில் கிடையாது. தொடக்க இருப்பைச் சரிபார்ப்பது எவ்வளவு தலைவலி என்று கணக்குத் துறையில் இருப்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான்காவது பத்தியில் ஓய்வு பெற்றது வருகிறது. மறைக்கவில்லை, ஆனால் மன்னிப்புக் கேட்கும் குரலிலும் இல்லை. ‘பெரிய பதவியில் இருந்தவர் இந்த வேலைக்கு ஏன் வருகிறார்’ என்ற கேள்விக்கு அந்த ஒரு வாக்கியம் பதில். மூன்று ஆண்டு என்பது உங்கள் மனதில் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு மகள் வீட்டுக்குப் போய்விடும் யோசனை இருக்கிறது என்றால், அந்த வரியை எடுத்துவிட்டுக் குறுகிய கால வேலைகளை மட்டும் தேடுங்கள். கூடுதல் நேர வரியும் அப்படித்தான். எழுதிவிட்டு முதல் மாத முடிவிலேயே ஐந்து மணிக்குக் கிளம்பினால் பேச்சு உங்கள் வயதைப் பற்றித்தான் வரும்.

மகள் சொன்னது பாதி சரி

படித்து முடித்த வருடத்தைப் பயோடேட்டாவிலிருந்து எடுக்கலாம், தவறில்லை. கடைசி 10 முதல் 15 ஆண்டுகளை விரிவாக எழுதி, அதற்கு முந்தையதை ‘முந்தைய அனுபவம்’ என்ற தலைப்பில் பதவிப் பெயர்களோடு ஓரிரு வரியில் முடித்துவிடுங்கள். படிப்பவருக்கு இந்த வேலைக்குத் தேவையானது எதுவோ அதை முன்னால் வைக்கிறீர்கள், அவ்வளவுதான். பிறந்த தேதி, குடும்ப விவரம் போன்றவற்றைக் கேட்காதபோது எழுத வேண்டியதில்லை.

ஆனால் விண்ணப்பப் படிவத்தில் பிறந்த தேதிக்கென்று கட்டம் இருந்து, நிரப்பியே ஆக வேண்டும் என்றால் உண்மையான தேதிதான். வேலை பார்த்த ஆண்டுகளைக் கேட்டால் அதுவும் உண்மையானதுதான். இங்கே ஒரு பொய் இருந்தால், சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தாலும் அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்ப முடியும். எல்லா வருடங்களையும் துடைத்தெடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. தேதியே இல்லாத பயோடேட்டா கையில் வந்தால், ஆளெடுப்பவர் முதலில் நினைப்பதே ‘எதையோ மறைக்கிறார்’ என்பதுதான். சாயம் அடிப்பது உங்கள் விருப்பம். நேர்காணலுக்காக என்றால் அதனால் மாறப்போவது குறைவு.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. வயதைக் காரணம் காட்டி மறுப்பதற்கு எதிரான சட்டம் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவில் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைப் பாதுகாக்கிறது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் வயதும் ஒரு பாதுகாக்கப்பட்ட அம்சம். பல நாடுகளில் தனியார் துறைக்கு அப்படிப் பொதுச் சட்டம் எதுவும் கிடையாது. சட்டம் இருக்கும் இடத்திலும், ‘வேறொருவர் பொருத்தமாக இருந்தார்’ என்று சொல்லிவிட்டால் வயதுதான் காரணம் என்று நிரூபிப்பது கடினம். எழுத்தில் யாராவது ‘வயது அதிகம்’ என்று தெரிவித்திருந்தால் அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, உங்கள் பகுதியில் தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞரைக் கேளுங்கள். தகவலே வராமல் போன 13 இடங்களுக்காக உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

“என் பிள்ளைங்க மாதிரிதான்”

அன்பாகச் சொன்னீர்கள் என்று தெரிகிறது. ஆனால் அந்த மேலாளர் இடத்திலிருந்து கேட்டுப் பாருங்கள். அவர் உங்களுக்கு வேலை ஒதுக்க வேண்டியவர், தவறு வந்தால் சுட்டிக்காட்ட வேண்டியவர். அவரிடம் போய் ‘நீ என் பிள்ளை மாதிரி’ என்றால், அவர் காதில் விழுவது ‘நான் உனக்கு அம்மா’ என்பது. அம்மாவிடம் யார் போய் ரிப்போர்ட் தாமதமாகிவிட்டது என்று கண்டிப்பார்கள்? சிரித்துவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அவர் கேட்டது உறவைப் பற்றி இல்லை, வேலை முறையைப் பற்றி. ஆகவே வேலையிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். மென்பொருள் மாறியபோது உங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் இருபத்தாறு வயதுப் பையன் என்றும், நீங்கள் கையால் வைத்திருந்த சரிபார்ப்புப் பட்டியலை அவர் வேண்டாம் என்றதும் முதலில் ஒப்பவில்லை என்றும் சொன்னீர்கள் அல்லவா? அதையே சொல்லலாம்: “புதிய மென்பொருளுக்கு எனக்குப் பயிற்சி கொடுத்தவர் என்னைவிட முப்பது வயதுக்கு மேல் இளையவர். என் பழைய பட்டியல் தேவையில்லை என்றார். ஒரு மாதம் இரண்டையும் சேர்த்தே ஓட்டிப் பார்த்தேன். விடை ஒன்றாக வந்ததும் பழையதை நிறுத்திவிட்டேன். இங்கேயும் உங்கள் முறை என்னவோ அதைக் கற்றுக்கொண்டு செய்வேன். ஏதாவது சந்தேகம் இருந்தால் உங்களிடம் தனியாகக் கேட்பேன்.” கடைசி வாக்கியத்தில் இருக்கும் ‘தனியாக’ என்பதை விட்டுவிடாதீர்கள். குழுவின் முன் வைத்து மூத்தவர் ஒருவர் திருத்துவாரோ என்பது இளம் மேலாளர்களுக்கு உண்மையிலேயே உள்ள பயம்.

அவரைச் ‘சார்’ என்றோ, அங்கே பெயர் சொல்லி அழைப்பதுதான் வழக்கம் என்றால் பெயர் சொல்லியோ அழையுங்கள். ‘தம்பி’ வேண்டாம். அதேபோல ‘எங்க ஆபீஸ்ல அப்படித்தான் செய்வோம்’ என்ற வாக்கியம் நேர்காணலில் ஒரு முறைக்கு மேல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

“எவ்வளவு நாள் வேலை செய்வதாக உத்தேசம்?” என்று கேட்டால், “உடம்பு ஒத்துழைக்கும் வரை” என்று சொல்லிவிடாதீர்கள். கடிதத்தில் எழுதிய மூன்று ஆண்டையே சொல்லுங்கள். இளையவர்களும் ஒரே கணக்கர் வேலையில் அதைவிட அதிகம் நிற்பார்கள் என்று உறுதி இல்லை, அது அவருக்கும் தெரியும்.

எந்தக் கதவைத் தட்டுவது

நீங்கள் விண்ணப்பித்த 14-உம் நிரந்தர முழுநேர வேலைகள். அதே கணக்கு வேலையில், வயதைப் பற்றிய தயக்கம் குறைவாக இருக்கும் இடங்கள் சில உண்டு. ஒருவர் மகப்பேறு விடுப்பில் போகிறார், ஆறு மாதத்துக்கு ஆள் வேண்டும். நிதியாண்டு முடிவில் தணிக்கைக்கு முன் கணக்கைச் சீர்செய்ய மூன்று மாதத்துக்கு ஆள் வேண்டும். பழைய பாக்கிகளை ஒப்பிட்டு முடிக்க வேண்டும். இங்கெல்லாம் ‘எத்தனை வருடம் இருப்பார்’ என்ற கேள்வியே எழாது. பயிற்சி கொடுக்க நேரமும் இருக்காது, வந்த அன்றே வேலையைத் தொடங்கத் தெரிந்தவர்தான் தேவை. முதல் வேலையாக இப்படி ஒன்றைப் பிடிக்கப் பாருங்கள். அது முடிந்தால் உங்கள் பயோடேட்டாவின் முதல் வரி சங்கக் கணக்கிலிருந்து ஒரு நிறுவனத்தின் பெயருக்கு மாறிவிடும். பரிந்துரைக்க ஒரு புதிய ஆளும் கிடைப்பார். இப்போது நீங்கள் கொடுத்திருக்கும் பரிந்துரையாளர்கள் இருவரும் ஓய்வு பெற்றவர்கள் என்பதைக் கவனித்தேன். சங்கச் செயலாளரையாவது மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு.

ஒப்பந்த வேலையில் ஒரு எச்சரிக்கை உண்டு. உங்களை ஊழியராக எடுக்கிறார்களா, ஆலோசகராக எடுக்கிறார்களா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். ஆலோசகர் என்றால் சம்பளத்தோடு கூடிய விடுப்பு, காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு பெரும்பாலும் இருக்காது, வரிக் கணக்கும் உங்கள் பொறுப்பு. ஊழியர் என்றால், குழு மருத்துவக் காப்பீட்டில் வயது வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் வாங்கும் ஓய்வூதியத்தில், மீண்டும் வேலைக்குச் சேர்ந்தால் தெரிவிக்க வேண்டும், நிறுத்தி வைக்கப்படும் என்பது போன்ற விதி இருக்கிறதா என்று அதை வழங்கும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய நிறுவனத்தில் ஓய்வு பெறும்போது கையெழுத்திட்ட தாள்களையும் ஒரு முறை எடுத்துப் படியுங்கள். போட்டி நிறுவனத்தில் குறிப்பிட்ட காலம் சேரக் கூடாது என்ற நிபந்தனை சிலவற்றில் இருக்கும்.

நேர்காணல் நடந்த அந்த ஒரு நிறுவனத்துக்கு இன்னொரு முறை எழுதலாமா என்று தொலைபேசியில் தயங்கிக்கொண்டே கேட்டீர்கள். எழுதுங்கள். மறுத்ததாக அவர்கள் சொல்லவில்லையே. நேரில் பேச நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, அன்று காட்ட முடியாத மாதிரிக் கோப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன், நிதியாண்டு முடிவில் தற்காலிகமாக ஆள் தேவைப்பட்டாலும் வர முடியும். இந்த மூன்று வரிக்கு மேல் வேண்டாம். பிள்ளைகள் பேச்சை எடுக்கவே வேண்டாம். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால், அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.